இறந்தவருக்கு இடும் பெயர்

புறநானூற்றின் பாடல்களுக்குக் கீழே, பாடப்பட்டவர் யார் என்று சொல்லும் குறிப்புகளில், சில அரசர்களின் பெயர்கள் இறந்த இடத்தோடு சேர்ந்தே வருகின்றன. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. இவை எவையும் அந்த அரசர்கள் உயிரோடு இருக்கையில் கேட்ட பெயர்கள் அல்ல. ஒருவன் எங்கே துஞ்சுவான் என்பது அவன் துஞ்சும்வரை யாருக்கும் தெரியாது. ஒரே பெயர் பல தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வந்த குடிகளில், ஒரு கிள்ளிவளவனை இன்னொரு கிள்ளிவளவனிடமிருந்து பிரித்தறிய அந்த இடம் போதுமானதாக இருந்தது. சோழர் கல்வெட்டுகள் இதே வழக்கத்தைத் தொடர்ந்தன. முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூரில் துஞ்சியவன். அவன் பள்ளிப்படை காளத்திக்கு அருகில் இருக்கிறது. அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சின தேவர், சுந்தரசோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். 949இல் தக்கோலத்துப் போரில் யானைமீது அமர்ந்தபடியே மாண்ட இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சினவன் ஆனான்.

இந்தப் பெயர்களில் புகழ்ச்சி வெளிப்படையாக இல்லை. இராசாதித்தன் வீரன் என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. யானைமேல் என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இதைவிட ஆழமானது. ஆரியப்படை கடந்தவன் என்பது அவன் வாழ்நாளில் ஈட்டிய சிறப்பு. அரசுகட்டிலில் துஞ்சியவன் என்பது சாவு கொடுத்த சிறப்பு. தான் வழங்கிய தீர்ப்பு பிழை என்று அறிந்த கணத்தில், அந்தத் தீர்ப்பை வழங்கிய இருக்கையிலேயே உயிர்விட்டவன் அவன். குற்றமும் அதை ஏற்றுக்கொண்ட பெருமையும் ஒரே இடப்பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. நல்லவன் என்றோ தீயவன் என்றோ யாரும் அவனுக்குத் தரம் போடவில்லை. தமிழ் மரபின் இறப்புப் பெயர்களில் இதுதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: அவை இறந்தவரை ஓர் இடத்தில் நிறுத்துகின்றன, எடைபோடுவதை அனேகமாகத் தவிர்க்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மரண அறிவித்தல்களில் இந்த இடம் சொல்லும் பழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கொக்குவிலைப் பிறப்பிடமாகவும், சுண்டுக்குழியை வதிவிடமாகவும், கனடா டொரன்டோவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும் வாக்கியத்தைப் பத்திரிகையில் பார்க்காத யாழ்ப்பாணத்தவர் இருக்க முடியாது. பெயருக்கு முன்னால் ஊர்கள் வருகின்றன. இடப்பெயர்வுக்குப் பின் அந்த ஊர்களின் வரிசை நீண்டுவிட்டது. ஒரே வாக்கியத்தில் ஒரு மனிதர் புங்குடுதீவிலிருந்து புறப்பட்டு வவுனியா, கொழும்பு, பாரிஸ் என்று நடந்து முடிக்கிறார். அதற்குப் பிறகு இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, மாமனார், பேரன் என்று உறவுகள் வரும். இறந்தவருக்கென்று புதிதாகக் கிடைக்கும் பெயர் ஒன்றே ஒன்றுதான்: அமரர். செத்தவீடு முடிந்த மறுநாள் முதல் அவர் திரு. இன்னார் அல்லர், அமரர் இன்னார். பள்ளிக்கூட அதிபருக்கும் சுருட்டுக் கொட்டில் தொழிலாளிக்கும் அதே சொல். அவர் எப்படி வாழ்ந்தார் என்று யாரும் விசாரித்து அதைக் கொடுப்பதில்லை, எவருக்கும் மறுப்பதுமில்லை.

நடத்தையைப் பேசும் வேலையை யாழ்ப்பாணத்தில் இன்னொன்று செய்கிறது. அதற்கும் கல்வெட்டு என்றே பெயர், ஆனால் அது கல்லில் இல்லை, தாளில் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடித்து, வீட்டுக் கிருத்தியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுத் திரும்பும்போது கையில் கொடுக்கப்படும் சிறு நூல் அது. முன்னைய நாட்களில் ஊர்ப் புலவர் ஒருவர் பாடிக் கொடுப்பார். அன்றைக்கு ஒருவர் அதை இராகத்தோடு வாசிக்க, வீட்டுக்காரர் அழுதபடி கேட்டிருப்பார்கள். முன்பக்கத்தில் இறந்தவரின் படம். பிறகு பஞ்சபுராணம், சிவபுராணம் போன்ற தோத்திரங்கள். பிறகு ஊரின் சிறப்பு, குடியின் வழி, பிறப்பு, கல்வி, உத்தியோகம், கலியாணம், பிள்ளைகள், செய்த தொண்டுகள். கடைசியில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனியே செய்யுள். இவ்வளவுக்கும் நடுவில், தனிப் பக்கத்தில், கட்டம் போட்ட சட்டத்துக்குள், திதி வெண்பா நிற்கும்.

திதி வெண்பா நான்கே வரி. ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, இறந்தவரின் பெயர், அவர் ஊர், அவர் சேர்ந்த சிவபதம் ஆகிய எல்லாம் வெண்பாவின் தளை தட்டாமல் அந்த நான்கு வரிக்குள் அமைய வேண்டும். இது வெறும் அலங்காரம் அல்ல. திவசம் ஆங்கிலத் தேதியில் செய்யப்படுவதில்லை. இறந்த மாதத்தின் அதே பட்சத்தில், அதே திதியில் செய்யப்படுகிறது. ஆட்டைத் திவசத்துக்கு அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்த ஆண்டும், படிப்பறிவு குறைந்த மகள்கூடப் பாட்டாகப் பாடி அந்த நாளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே அது செய்யுளாக்கப்பட்டது. அந்த அளவில் திதி வெண்பா ஒரு கருவி, நன்றாக வேலைசெய்யும் கருவி. ஒரு தலைமுறை கடந்ததும் அதன் குறை தெரியத் தொடங்குகிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது. அறுபது முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். பவ ஆண்டு என்றால் 1934 சித்திரையில் தொடங்கியதா, 1994 சித்திரையில் தொடங்கியதா? வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. மேல் அட்டையும் படமும் கழன்றுபோன ஒரு கல்வெட்டை ஒரு பேழைக்குள்ளிருந்து எடுக்கும் பூட்டப்பிள்ளைக்கு எழும்.

பெரிய குறை புலம்பல்களில் இருக்கிறது. ஐந்தாறு கல்வெட்டுகளை அடுத்தடுத்து வாசிக்கிறவர், மனைவியர் எல்லோரும் ஒரே சொற்களால் அழுவதைக் காண்பார். பாடித் தருகிறவரிடம் அச்சு ஏற்கெனவே இருக்கிறது. பெயரும் ஊரும் மாறினால் போதும். எல்லா ஆண்களும் வாரி வழங்கும் வள்ளல்கள், எல்லாப் பெண்களும் விருந்தோம்பலில் குறையாதவர்கள். பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இழவு வீட்டில் யாரும் சாட்சியம் கேட்பதில்லை. ஆனால் ஒரு கல்வெட்டில் உண்மை எங்கே இருக்கிறது என்று அறிய வழி உண்டு. அடைமொழிகளைக் கடந்து, வேறு எவருடைய கல்வெட்டிலும் வர முடியாத விவரம் எங்கே வருகிறது என்று தேட வேண்டும். மலாயாவில் புகையிரதப் பகுதியில் எத்தனை வருடம், எந்த நிலையத்தில், எந்த ஆண்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார், எந்தக் கோயிலின் தேருக்கு எவ்வளவு கொடுத்தார், எந்தக் கிணற்றைப் பொதுவுக்கு விட்டார் என்பன போன்ற வரிகள் அச்சில் வார்க்கப்பட முடியாதவை. குடாநாட்டின் சமூக வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு இந்த வரிகளே உதவுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் தன் எண்ணிம நூலகத்தில் சேர்த்துவருவதன் பெறுமதி அதில் இருக்கிறது. யப்பானிலும் இந்த அச்சுப் புகழ்ச்சிக்கு ஒத்த ஒன்று உண்டு. அங்கே பௌத்த குரு இறந்தவருக்குக் கைம்யோ என்ற புதுப்பெயர் இடுகிறார். அதில் படிநிலைகள் உண்டு, கோயிலுக்குக் கொடுக்கும் காணிக்கை உயர உயரப் பெயரும் உயர்கிறது என்ற மனக்குறை அந்நாட்டவரிடமே நெடுங்காலமாக உண்டு. பணம் கொடுப்பவரே புகழ்ச்சியையும் பெறுகிறவராக இருக்கும் இடத்தில் புகழ்ச்சி எதையும் அளப்பதில்லை.

அளப்பதற்கென்றே பெயர் வைத்தவர்கள் சீனர்கள். சௌ அரசமரபின் காலத்திலிருந்து, இறந்த அரசருக்கும் உயர் அதிகாரிக்கும் ஓரெழுத்திலோ ஈரெழுத்திலோ ஒரு பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. எந்த எழுத்து எந்த நடத்தைக்கு உரியது என்று விளக்கும் அட்டவணைகளே இருந்தன. வென் கல்வியும் பண்பும் உடையவருக்கு, வூ போர்த்திறன் உடையவருக்கு. அந்த அட்டவணையில் வசைகளும் இருந்தன. குற்றமற்றவரைக் கொன்றவருக்கு லி என்ற எழுத்து. சௌ மரபின் ஓர் அரசனே லி என்று அழைக்கப்படுகிறான். அதிகாரி ஒருவர் இறந்தால் அவருடைய வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பம் கொடுக்கும்; அலுவலர்கள் அதைச் சரிபார்ப்பார்கள்; சடங்குத் துறையின் அறிஞர் ஒரு பெயரை முன்மொழிவார்; மற்றவர்கள் அதை எதிர்த்து எழுதலாம். 1051இல் சியா சோங் என்ற அமைச்சர் இறந்தபோது, பேரரசர் அவருக்கு வென்சங் என்ற மிக உயர்ந்த பெயரை அளிக்க விரும்பினார். இளைஞராக இருந்த சிமா குவாங், அந்த மனிதரின் நடத்தை அந்தப் பெயரைத் தாங்காது என்று எழுத்தில் எதிர்த்தார். பேரரசர் பெயரை ஒரு படி குறைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சிமா குவாங் இறந்தபோது அதே வென்சங் அவருக்கே வழங்கப்பட்டது. இந்த முறையின் கூர்மையை நன்றாக உணர்ந்தவர் முதற்பேரரசர் சின் ஷி ஹுவாங். மகன் தந்தையையும் குடிமகன் அரசனையும் நியாயம் தீர்க்க இது இடம்கொடுக்கிறது என்று சொல்லி, கி.மு. 221இல் இந்த வழக்கத்தையே நீக்கினார். அவருடைய மரபு வீழ்ந்ததும் ஹான் மரபினர் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு ஒழுங்குள்ள முறையும் ஆட்சியாளரின் தேவையிலிருந்து தப்பவில்லை. சுயி மரபின் இரண்டாம் பேரரசர், தம்மிடம் நாட்டை இழந்த தெற்கத்தி அரசன் 604இல் இறந்தபோது யாங் என்ற இழிபெயரைச் சூட்டினார். 618இல் அவரே கொல்லப்பட்டபின், அடுத்து வந்த தாங் மரபினர் அதே எழுத்தை அவருக்குச் சூட்டினார்கள். வரலாறு இன்றும் அவரைச் சுயி யாங் என்றே அழைக்கிறது. தளபதி யுவே ஃபெயைச் சிறையில் கொல்வித்த அமைச்சர் சின் ஹுயியின் கதை இன்னும் தெளிவானது. 1155இல் அவர் இறந்தபோது விசுவாசம் என்று பொருள்படும் எழுத்தோடு பெயர் கிடைத்தது. 1206இல் அரசவை ஜின் மரபினர்மீது போர் தொடுக்கத் தீர்மானித்தபோது, சமாதானம் பேசிய பழைய அமைச்சர் வேண்டாதவரானார். பிழையும் அருவருப்பும் என்று பொருள்படும் பெயர் அவருக்கு இடப்பட்டது. போர் தோற்றது. 1208இல் மறுபடி சமாதானம் வந்ததும் பழைய பெயர் திரும்பியது. ஐம்பது வருடத்துக்கு முன்பே மண்ணுக்குள் போன மனிதரின் நடத்தை இதற்கிடையே எள்ளளவும் மாறியிருக்க முடியாது. ஆனாலும் இந்தக் கதையில் ஒரு நன்மை உண்டு. எந்த ஆண்டு, எந்த அரசர், எந்தக் காரணத்துக்காகப் பெயரை மாற்றினார் என்பது பதிவாகியிருப்பதால்தான் எண்ணூறு வருடத்துக்குப் பிறகும் அந்த மாற்றத்தை இனங்காண முடிகிறது.

யாழ்ப்பாணத்தில், தரம்பிரித்து இறப்புப் பெயர் சூட்டும் முறை போர்க்காலத்தில் வந்தது. விடுதலைப் புலிகள் தம் போராளிகளுக்கு வீரவேங்கை, இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல் என்று தரநிலை வைத்திருந்தார்கள்; பெரும்பாலான போராளிகளுக்கு அந்தத் தரம் இறந்த பிறகே அறிவிக்கப்பட்டது. 2007 நவம்பர் 2இல் விமானத் தாக்குதலில் கொல்லப்பட்ட சு.ப. தமிழ்ச்செல்வன் அதன் பிறகே பிரிகேடியர் ஆனார். துயிலும் இல்லத்துக் கல்லில் தரமும் இயக்கப் பெயரும் பெரிதாக இருக்கும், தாய் தகப்பன் வைத்த பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஆயுதம் ஏந்தாதவர்களுக்கு நாட்டுப்பற்றாளர், அதற்கும் மேலே மாமனிதர். 2000இல் கொழும்பில் சுடப்பட்ட குமார் பொன்னம்பலம், 2005இல் கடத்திக் கொல்லப்பட்ட ஊடகர் தராக்கி சிவராம், 2006இல் சுடப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் ஆகியோர் மாமனிதர்கள். ரவிராஜின் பெயரைத் தென்மராட்சியில் அந்த அடைமொழியோடு சொல்கிறவர்கள், அதை வழங்கிய இயக்கத்தை எண்ணிச் சொல்வதில்லை. கொல்லப்பட்ட தங்கள் ஊர்க்காரரை எண்ணியே சொல்கிறார்கள். இதைக் குறைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு பெயர் வழங்கியவரின் கையை விட்டு மக்களின் வாய்க்கு வந்துவிட்டால் அது வேறொன்றாகிவிடுகிறது.

ஆனாலும் யார் பெயர் சூட்டினார், யாருக்குச் சூட்டவில்லை என்ற கேள்வி போய்விடவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பேராசிரியர் அழகையா துரைராஜா மண்பொறியியல் அறிஞர். போரின் மிக இறுக்கமான ஆண்டுகளில் துணைவேந்தராக இருந்து பல்கலைக்கழகத்தை மூடாமல் காத்தவர். 1994இல் நோயால் இறந்தார். மாமனிதர் துரைராஜா என்பது அவர் பெற்ற பெயர். அதே பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த மருத்துவர் ரஜனி திராணகம, 1989 செப்டெம்பர் 21இல், வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசபடை, இந்தியப்படை, இயக்கங்கள் என எல்லாத் தரப்பினரின் வன்முறைகளையும் பதிவுசெய்யும் முறிந்த பனை நூலின் ஆசிரியர்களில் ஒருவர் அவர். அவரைக் கொன்றவர்கள் புலிகளே என்று அவர் குடும்பத்தாரும் சக ஆசிரியர்களும் சொல்லிவந்திருக்கிறார்கள். ஒரே வளாகம், ஒரே காலம். இருவருமே தங்கள் மாணவரையும் ஊரையும் விட்டுப் போகாமல் நின்றவர்கள். துரைராஜா தமக்குக் கிடைத்த பெயருக்கு முழுதும் தகுதியானவர் என்பதில் ஐயமில்லை. ரஜனிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லாதது, அவர் நடத்தையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பட்டியலைப் பற்றியே சொல்கிறது.

சீனரின் அட்டவணையில் இருந்த வசைப்பெயர் யாழ்ப்பாணத்தில் வேறு விதத்தில் வந்தது. 1980களில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் மட்டை ஒன்று தொங்கவிடப்படும். சமூகவிரோதி, துரோகி என்று அதில் எழுதியிருக்கும். விடிகாலையில் சந்தைக்குப் போகிறவர்கள் அதை வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவார்கள். அதுவும் இறப்புப் பெயர்தான். அதற்குக் குடும்பம் கொடுத்த குறிப்பு கிடையாது, சரிபார்த்தவர் கிடையாது, எதிர்த்து எழுத ஒரு சிமா குவாங் கிடையாது. அதற்கு முன்பே, யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா மேடைகளில் துரோகி என்று ஓயாமல் பேசப்பட்டு, 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போனபோது சுடப்பட்டார். அந்தக் கொலைக்குப் புலிகள் பின்னர் உரிமை கோரினார்கள். இரண்டு தலைமுறை அவரை அந்தச் சொல்லோடு நினைவில் வைத்திருந்தது. யாழ்ப்பாண நகரின் விளையாட்டரங்கு துரையப்பாவின் பெயரில் இருக்கிறது. அதில் ஓடிய, பந்தடித்த பிள்ளைகளில் பலருக்கு அவர் யார் என்பதே தெரியாது. ஒருபக்கம் வசை, மறுபக்கம் வெறும் முகவரி. அந்த மனிதர் மேயராக என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்ற கணக்கு இரண்டிலும் இல்லை.

கோப்பாய்த் துயிலும் இல்லத்தின் கற்கள் 1995க்குப் பின் இராணுவத்தால் இடிக்கப்பட்டன, 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டன, போர் முடிந்தபின் மறுபடி இடிக்கப்பட்டன. 2011இல் அந்த நிலத்தில் படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. வென்றவர், தோற்றவரின் இறந்தோருக்கு வேறு பெயர் வைக்கவில்லை, பெயரையே அகற்றினார். இழிபெயர் சூட்டிய சீன அரசர்கள்கூட எழுத்தை மாற்றினார்களே தவிர, இறந்தவர் ஒருவர் இருந்தார் என்பதை மறுக்கவில்லை. கல்லை இடித்த செயலை எந்தப் போர்க்காரணமும் நியாயப்படுத்தாது. பிள்ளைகளின் பெயர் அந்தத் தாய்மாரிடம் மிச்சமிருப்பது வீட்டுச் சுவரில் மாட்டிய படத்திலும், எங்கேயாவது அச்சான ஒரு நினைவு மலரிலும்தான்.

இந்தப் பெயர்களுக்குள் நம்பத்தக்கது எது என்று கேட்டால், இடத்தையும் நாளையும் செயலையும் சொல்லும் பெயரே. யானைமேல் என்ற சொல்லை எந்த ஆட்சியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பட்டம் வேண்டாம் என்பதல்ல. யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பது சேர்ந்திராத பட்டம், நாற்பது வருடத்தில் ஒன்றில் வெறும் அலங்காரமாகிவிடும், அல்லது இன்னொருவரை அடிக்கும் தடியாகிவிடும். ஆகவே இனிக் கல்வெட்டோ நினைவு மலரோ அச்சிடும் குடும்பங்களிடம் சில வேண்டுகோள்கள். திதி வெண்பாவுக்குக் கீழே ஆங்கிலத் தேதியையும் ஆண்டையும் முழுமையாகப் போடுங்கள். பெயருக்கு முன் பட்டம் இருந்தால், வழங்கியவரையும் வழங்கிய ஆண்டையும் ஒரு வரியில் சேருங்கள். புலம்பலில் இரண்டு பக்கத்தைக் குறைத்து, அவர் செய்த வேலையை, இருந்த ஊர்களை, இழந்தவற்றை, முடிந்தால் அவர் செய்த பிழையையும், அவரை அறிந்த ஒருவரைக் கொண்டு உரைநடையில் எழுதுவியுங்கள். அச்சான பிரதிகளில் ஒன்றை வீட்டுக்கு வெளியே, ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவையுங்கள்.